ஊட்டச்சத்துச் சொற்பொழிவும் ஓர் அட்டவணையும்



வைட்டமின்களையும் தாதுக்களையும் பற்றிய ஒரு சொற்பொழிவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடைபெறுகிறது என்று கொள்வோம். அதில் இருபது உணவுகளின் பெயர்கள் வரும். பத்து நோய்களின் பெயர்கள் வரும். எண்களோ அவற்றினும் மிகுதியாக வரும். கேட்கும்போது எல்லாம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். மறுநாள் ஏட்டைப் புரட்டினால், எந்த எண் எந்தச் சத்துக்கு உரியது என்பது விளங்காது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் வழி, கேட்டதை ஓர் அட்டவணையாக மாற்றிக்கொள்வதேயாகும். அதனை எவ்வாறு செய்வது, எவ்விடத்தில் தவறு நேரும் என்பனவற்றை இரும்புச்சத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று விளக்க விரும்புகின்றேன். ஒரு வரியைச் செம்மையாக எழுதக் கற்றுக்கொண்டால், ஏனைய வரிகளை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

முதலில் அட்டவணையின் உருவத்தைப் பார்ப்போம். இடப்பக்கத்தில் சத்தின் பெயர். அடுத்து மூன்று நிரல்கள்: அது கிடைக்கும் உணவு, அது குறைந்தால் தோன்றும் அறிகுறி, நாள் ஒன்றுக்கு வேண்டிய அளவு. சொற்பொழிவைக் கேட்கும்போதே கோடு கிழித்துக் கட்டம் போட முயலாதீர்கள்; பேச்சாளர் அதற்குள் வேறு செய்திக்குச் சென்றுவிடுவார். கேட்பதை வரிசையாக எழுதிக்கொண்டு, ஓரத்தில் ஓர் எழுத்தை மட்டும் இடுங்கள். உணவைப் பற்றிய செய்திக்கு ‘உ’, குறையைப் பற்றியதற்குக் ‘கு’, அளவைப் பற்றியதற்கு ‘அ’. வீட்டிற்குச் சென்றபின் அவ்வெழுத்துகளைப் பார்த்து உரிய கட்டத்தில் எடுத்து எழுதினால் போதும்.

அவ்வாறு எழுதும்போது சில கட்டங்கள் வெறுமையாக நிற்கும். அது நன்மையே. சொற்பொழிவாளர் எதனைச் சொல்லாமல் விட்டார் என்பதை அவ்வெற்றிடம் காட்டுகிறது. அதனை ஊகத்தால் நிரப்புதல் கூடாது. தக்க நூலைப் பார்த்தே நிரப்புதல் வேண்டும். நம் நாட்டு உணவுகளுக்கு அத்தகைய நூல்கள் உள்ளன. 1918 ஆம் ஆண்டில் குன்னூரில் மெக்கரிசன் என்னும் மருத்துவ அறிஞர் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்திய உணவுகளில் அடங்கிய சத்துகளின் பட்டியலை அந்நிறுவனம் 2017 இல் வெளியிட்டது. நாள்தோறும் வேண்டிய அளவுகளை 2020 இல் வெளியிட்டது. முன்னது உணவு நிரலுக்கு உதவும். பின்னது அளவு நிரலுக்கு உதவும்.

இனி இரும்பின் வரியை எழுதுவோம். பதினாறு வயதுடைய ஒரு மாணவிக்காக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆளைக் குறிப்பிடாமல் அளவை எழுத இயலாது என்பதை இங்கே கருத்திற்கொள்ள வேண்டும். 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு. வளர்ந்த பெண்ணுக்கு 29 மில்லிகிராம். பதினாறு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பெண்ணுக்கு 32 மில்லிகிராம். மாதந்தோறும் இழக்கும் குருதியை ஈடுசெய்வதோடு வளர்ச்சிக்கும் இரும்பு தேவைப்படுவதால் அவ்வயதில் அளவு உயர்கின்றது. ‘இரும்பு, 19 மில்லிகிராம்’ என்று மட்டும் எழுதிய அட்டவணை, வீட்டிலுள்ள தந்தைக்குப் பொருந்தும், மகளுக்குப் பொருந்தாது.

அடுத்து உணவு நிரல். ‘கம்பு, கொள்ளு, முருங்கைக்கீரை’ என்று பெயர்களை மட்டும் எழுதிவிட்டால் நிரல் நிறைந்துவிடும். ஆனால் பயன் சிறிதே. பட்டியல்கள் எல்லாம் 100 கிராம் அளவுக்கே சத்தைக் கூறுகின்றன. அதுவும் சமைக்காத நிலையில் உள்ள பொருளுக்கே கூறுகின்றன. நாம் உண்பதோ கிண்ணத்திலும் கரண்டியிலும் அளந்த, நீர் சேர்ந்து வெந்த உணவு. ஆதலின் ஒருவர் ஒரு நாளில் உண்ணும் அளவுக்கு மாற்றி எழுதுதல் வேண்டும்.

நம் மாணவி ஒரு நாளில் 100 கிராம் கம்பு மாவில் செய்த கூழோ அடையோ உண்கிறாள். அதில் ஏறத்தாழ 6.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. 50 கிராம் கொள்ளைச் சுண்டலாக்கி உண்கிறாள், அதில் 4.4. முருங்கைக்கீரை 50 கிராம், அதில் 2.3. தீட்டிய அரிசி 200 கிராம், அதில் 1.3. கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 14 மில்லிகிராம். கம்பும் கொள்ளும் கீரையும் ஒரே நாளில் உண்ட பின்னரும், 32 இல் பாதியைக்கூட நாம் எட்டவில்லை. உணவின் பெயரை மட்டும் எழுதிய அட்டவணை இவ்வுண்மையை மறைத்துவிடும். அளவை எழுதிய அட்டவணையே இதனைக் காட்டும்.

இதனைக் கண்டு அஞ்சவும் வேண்டா. 32 என்பது நலமுடைய பெண்களுள் ஏறத்தாழ எல்லோருக்கும் போதுமான அளவு. சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் தேவைப்படும் என்பதால், மிகுதியாகத் தேவைப்படுவோரும் விடுபடாதபடி உயர்த்தி வைத்த எல்லை அது. அவ்வயதினருடைய சராசரித் தேவையை அதே பரிந்துரை 18 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறது. ஆகவே 32 ஐ எட்டாதவள் நோயாளி ஆகிவிடமாட்டாள். ஆனால் 14 என்பது சராசரிக்கும் கீழே இருத்தலால், அவளுடைய உணவில் இரும்பைக் கூட்ட வேண்டும் என்பது உறுதியாகின்றது.

இனி, மூன்று நிரல்களுள் அடங்காத ஒரு செய்தி உண்டு. உண்ட இரும்பெல்லாம் குருதியில் சேர்வதில்லை. தானியமும் கீரையுமே மிகுந்த உணவிலிருந்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடல் ஏற்றுக்கொள்கிறது. தானியத்தின் தவிட்டிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளும் அவ்வாறே செய்யும். மாறாக, வைட்டமின் சி உணவோடு சேர்ந்தால் இரும்பு எளிதில் உட்கவரப்படும். கொய்யாவும் நெல்லிக்காயும் இச்சத்து மிகுந்தவை. வெப்பத்தில் வைட்டமின் சி அழியுமாதலால் அவற்றைப் பச்சையாக உண்பதே தக்கது. ஆகவே இரும்பின் வரிக்கு நான்காவதாக ஒரு குறுகிய நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘துணை: அதே வேளையில் கொய்யா அல்லது நெல்லி. தடை: உணவோடு தேநீர்’ என்று அதில் எழுதுங்கள். கம்பையும் கொள்ளையும் முதல்நாள் ஊறவைத்து முளைகட்டினால் பைட்டேட் குறையும் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இப்பொழுது அறிகுறி நிரலுக்கு வருவோம். பிழைகள் மிகுதியாக நேருமிடம் இதுவே. இரும்பு குறைந்தால் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குதல், கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளிறுதல் ஆகியவை தோன்றும். இவற்றை எழுதுவதில் தவறில்லை. ஆனால் எழுதிய பின்னர், மாணவர் சிலர் அட்டவணையை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கத் தொடங்குகின்றனர். ‘எனக்குச் சோர்வு இருக்கிறது, ஆகவே எனக்கு இரும்பு குறைவு’ என்று முடிவு செய்கின்றனர். இது முறையன்று. இரும்பு குறைந்தால் சோர்வு வரும் என்பது உண்மை; சோர்வு வந்தால் இரும்பு குறைவு என்பது அதிலிருந்து பெறப்படாது. மழை பெய்தால் தெரு நனையும். நனைந்த தெருவைக் கண்டு மழை பெய்தது என்று துணிதல் இயலுமா? யாரேனும் தண்ணீர் தெளித்திருக்கலாம் அல்லவா?

குருதிச்சோகையும் அத்தகையதே. இரும்பு குறைந்தாலும் அது வரும். ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் வரும். வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். குடலில் கொக்கிப்புழு இருந்து குருதியை உறிஞ்சினாலும், மலேரியாக் காய்ச்சல் கண்டாலும் வரும். வைட்டமின் பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது. கீரையிலும் தானியத்திலும் இல்லை. ஆதலின் பாலும் பருகாத ஒருவர் வெளிறித் தோன்றினால், எத்தனை கட்டு முருங்கைக்கீரை உண்டாலும் அக்குறை நீங்காமல் போகலாம். பி12 குறைவு நரம்பையும் தாக்கும்; கைகால்களில் மதமதப்பு உண்டாகும். தவறான வரியை நம்பிக் காலம் கடத்தினால் அத்தீங்கு முற்றிவிடக்கூடும்.

இத்தவறைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே அறிகுறி எத்தனை வரிகளில் வருகின்றதோ அத்தனை வரிகளிலும் அதன் அருகே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியிட்ட அறிகுறி, தனியே நின்று எந்தக் குறையையும் மெய்ப்பிக்காது. அதன் கீழே சோதனையின் பெயரை எழுதுங்கள். கருவுறாத வளர்ந்த பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அது குருதிச்சோகை. அதன் காரணம் எது என்பதை மருத்துவர் மேலும் ஆராய்ந்தே கூறுவார். அட்டவணை உணவைத் திட்டமிட உதவும். நோயைத் தீர்மானிக்க உதவாது.

இறுதியாக அளவு நிரலில் ஓர் எச்சரிக்கை. வைட்டமின் ஏ வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 840 என்றும், இரும்பு 29 என்றும் எழுதிவிட்டால், ஏ தான் பன்மடங்கு மிகுதியாக வேண்டும் என்று தோன்றும். முன்னது மைக்ரோகிராம்; பின்னது மில்லிகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். ஆதலின் 840 மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. எண்ணுக்கு அருகில் அலகை முழுச்சொல்லாக எழுதுங்கள், சுருக்கெழுத்து வேண்டா. வைட்டமின் ஏ அளவு மீறினால் உடலுக்குத் தீங்கு செய்வதாகும். மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று மாற்றி எழுதினால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும் அன்றோ?

நாம் எழுதிய வரி இப்பொழுது இவ்வாறு அமைந்திருக்கிறது. சத்து: இரும்பு. யாருக்கு: பதினாறு வயது மாணவிக்கு. உணவு: கம்பு 100 கிராமில் 6.4, கொள்ளு 50 கிராமில் 4.4, முருங்கைக்கீரை 50 கிராமில் 2.3, அரிசி 200 கிராமில் 1.3. துணை கொய்யா, தடை தேநீர். அறிகுறி: சோர்வு, வெளிறல், இரண்டிற்கும் அருகே புள்ளி, கீழே ஹீமோகுளோபின் சோதனை. அளவு: 32 மில்லிகிராம்; சராசரித் தேவை 18. இந்த வரியை முடிப்பதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். சுண்ணாம்புச்சத்தின் வரியை நாளை தொடங்குங்கள். அதற்குக் கேழ்வரகிலிருந்து தொடங்குவது நலம். 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் அதில் உண்டு. வீட்டில் எத்தனை கிராம் உண்கிறீர்கள் என்பதை மட்டும் முதலில் நிறுத்துப் பாருங்கள்.