தூக்கி நிறுத்தாத தூண்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சித்திரம் கற்பித்த காலத்தில், மாமல்லபுரத்துக் குகைக் கோயில் ஒன்றின் படத்தை வகுப்பில் காட்டினேன். பின்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, “ரீச்சர், இவ்வளவு பெரிய தூணை அந்தக் குகைக்குள்ளே எப்படிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்?” என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. அந்தத் தூணை யாரும் கொண்டுபோகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்தபோது வெட்டாமல் விட்ட பகுதிதான் தூண். குடைவரைக்கும் கற்றளிக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று விரித்துச் சொல்லப்போகிறேன்.

இதைப் பார்க்க மாமல்லபுரத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. குடைந்த மண்டபங்கள், ஒரே பாறையைச் செதுக்கிய இரதங்கள், கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில் ஆகிய மூன்றும் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. மூன்றும் பல்லவர் வேலை. கல்லும் ஒரே வகையான கடினக் கருங்கல். ஆகவே வேறுபாடு கல்லில் இல்லை, செய்முறையில்தான் இருக்கிறது.

முதலில் குடைவரை. அங்கே முடிவுபெறாத குகைகள் சில உண்டு. சிற்பிகள் விட்டுப்போன நிலையிலேயே அவை நிற்பதால், வேலை நடந்த முறையைக் கண்ணாலேயே படிக்கலாம். பாறையின் முகத்தை முதலில் செங்குத்தாகச் சமப்படுத்துவார்கள். அதில் தூண்களுக்குரிய இடத்தைக் குறித்துவிட்டு, இடைப்பட்ட பகுதியில் உளியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான கோடுகள் வெட்டுவார்கள். பாறை சதுரம் சதுரமாக, கட்டம் போட்ட கொப்பி போலத் தெரியும். பிறகு கோடுகளுக்கு நடுவே துருத்தி நிற்கும் கட்டிகளை ஒவ்வொன்றாக அடித்து உடைப்பார்கள். ஒரு படை முடிந்ததும் மறுபடி கோடு, மறுபடி உடைப்பு. இப்படியே உள்ளே போவார்கள்.

வேலை மேலிருந்து கீழே நடந்தது. அதற்குக் காரணம் எளிது. இன்னும் வெட்டப்படாத பாறையே சிற்பி நிற்கும் மேடை, எனவே சாரம் கட்டத் தேவையில்லை. இரதங்களிலும் இதே ஒழுங்குதான். பிடாரி இரதங்களின் மேற்பகுதி உருப்பெற்றிருக்க, கீழ்ப்பகுதி கரடுமுரடான பாறையாகவே நிற்கிறது. கட்டிய கோயில் எதுவும் இப்படிப் பாதியில் நிற்க முடியாது. அங்கே அத்திவாரம் இல்லாமல் சிகரம் இல்லை.

இந்த முறையில் பிழைக்கு மன்னிப்புக் கிடையாது. உளி தவறித் தூணின் விளிம்பு உடைந்தால் சுதை பூசி மறைக்கலாமே தவிர, வேறு தூண் வைக்க முடியாது. பாறைக்குள் இயற்கையான வெடிப்பு இருந்தால் அது வெட்டிய பிறகுதான் வெளிப்படும். கட்டிய கோயிலில் சங்கதி வேறு. பாறையில் வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு இறுக்கிப் பிளந்து கல்லை எடுப்பார்கள். குறையுள்ள கல்லை நிலத்திலேயே ஒதுக்கிவிடலாம். பல சிற்பிகள் பல கற்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஆனால் அங்கே புதிய சிக்கல் ஒன்று வருகிறது. வெட்டிய கல்லைத் தூக்க வேண்டும், தூக்கிய கல் விழாமல் நிற்க வேண்டும்.

இனித் தூணுக்கு வருவோம். குகைத் தூணின் மேலே போதிகை, அதன்மேல் உத்திரம் எல்லாம் செதுக்கியிருக்கும். பார்த்தால் கூரையைத் தாங்குவது போலத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான பாரத்தை மலையே இரு பக்கத்துப் பாறைக்கும் கடத்திவிடுகிறது. தூண் கொஞ்சம் உதவி செய்கிறது, அவ்வளவுதான். இதற்கு நல்ல சாட்சி மும்பாய்க்கு அருகிலுள்ள எலிபெண்டாக் குகை. அங்கே பல தூண்கள் உடைந்துபோயின. சிலவற்றின் தலைப்பகுதி மட்டும் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கூரை விழவில்லை. பின்னர்தான் தூண்களைத் திருத்திக் கட்டினார்கள்.

கட்டிய மண்டபத்தில் தூண் உடைந்தால் உத்திரமும் கூடவே வரும். கருங்கல் நெருக்கும் விசையை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அதில் பத்திலொரு பங்குகூடத் தாங்காது. இரண்டு தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்திரம் தன் பாரத்தாலேயே சற்று வளைய முயலும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். அதே தடிப்புள்ள கல்லின் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் இந்த இழுவை நான்கு மடங்காகிறது. அதனால்தான் நமது கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. அழகுக்காக மட்டும் அல்ல. போதிகையும் இங்கே உண்மையான வேலை செய்கிறது. இரு பக்கமும் நீண்டு, உத்திரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைக்கிறது. குகையில் அலங்காரமாக இருந்தது கட்டடத்தில் உறுப்பாகிவிட்டது.

விமானத்துக்கும் இதே சிக்கல்தான். மூலஸ்தானத்தை ஒரே கல்லால் மூடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ்வரியை விடச் சிறிது உள்ளே நீட்டி வைத்து, இடைவெளியை மெல்ல மெல்லச் சுருக்கினார்கள். மேலே ஏறும் பாரம் நீட்டிய கல்லின் பின்பக்கத்தை அழுத்திக் கவிழாமல் வைத்திருக்கும். 1010ஆம் ஆண்டளவில் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் உயர்ந்த விமானம் உள்ளே கூடாக இருந்தும் நிற்பது இந்த முறையால்தான்.

அமைப்புத் திட்டமும் இதனால் மாறியது. குகைக்கு ஒரு முகம் மட்டும் உண்டு. வெளிச்சம் முன்னாலிருந்துதான் வரும், அதனால் அதிகம் ஆழமாகப் போக முடியாது. எந்தத் திசையைப் பார்ப்பது என்பதைப் பாறைதான் தீர்மானிக்கும். மேலே விமானம் இல்லை, சுற்றிவர வீதியும் இல்லை. வராக மண்டபத்தைப் பாருங்கள்: முன்னால் இரண்டு தூண், பின்சுவரில் ஒரு கருவறை, பக்கச் சுவர்களில் சிற்பம். சிற்பிக்குக் கிடைத்தது உட்சுவர்கள்தான். அதனால் தன் திறமையை அங்கே காட்டினான். கடற்கரைக் கோயிலிலோ ஒரு சந்நிதி கிழக்கே கடலையும் மற்றது மேற்கே ஊரையும் பார்க்கின்றன. வேண்டிய திசை, வேண்டிய உயரம், பிற்காலத்தில் ஒரு மண்டபத்தைச் சேர்க்கவும் இடம்.

நம் நாட்டிலும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தம்புள்ளை பெரும்பாலும் இயற்கையான பாறைத் தாழ்வாரம். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை விளிம்பில் காடி வெட்டி, முன்னால் சுவர் கட்டியிருக்கிறார்கள். அதைக் குடைவரை என்று சொல்வது சரியல்ல. பொலன்னறுவையில் சோழர் காலத்து இரண்டாம் சிவ தேவாலயம் அடியிலிருந்து உச்சிவரை அடுக்கிய கல். கல்லும் கல்லும் சேரும் கோடுகள் வெளிச்சுவரில் தெளிவாகத் தெரியும். ஐயம் வந்தால் அந்தக் கோட்டைத் தேடுங்கள். தூணும் கூரையும் சந்திக்கும் இடத்தில் கோடு இருந்தால் அது கட்டியது, இல்லையென்றால் குடைந்தது.

ஒரு விலக்கையும் சொல்லி முடிக்கிறேன். கடற்கரைக் கோயிலின் இரண்டு சிவன் சந்நிதிகளுக்கும் இடையே பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். அவரை எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. நிலத்தோடு கிடந்த பாறையிலேயே செதுக்கி, அதைச் சுற்றிக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அன்று கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இந்த மலரை எங்கிருந்து வாசித்தாலும், அவளுக்கு நான் அப்போது சொல்லாமல் விட்ட விடை இது: சில கோயில்களில் இரண்டுமே உண்டு மகள், கோட்டைத் தேடிப் பார்.