சப்பாத்தின் உள்ளே தேய்வது

புறக்கோட்டைப் பிரதான வீதியிலே, புடவைக் கடையொன்றில் விற்பனையாளராக உள்ள ஒருவரை நேயர்கள் மனக்கண்முன் கொணரலாம். அவர் வெள்ளவத்தையில் வாழ்பவர். காலையிற் காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்குவார். அதன்பின் ஒன்பது மணி நேரம் சீமெந்துத் தரையில் நிற்பதும் நடப்பதுமே அவர் தொழில். சில வாரங்களாக, படுக்கையை விட்டெழுந்து வைக்கும் முதலடியிலேயே அவர் குதிக்காலில் முள் தைத்தாற்போன்ற நோவு. பத்தடி நடந்தாற் குறைகின்றது. மாலையில் மீண்டும் தலைகாட்டுகின்றது. அவர் தம் சப்பாத்தை எடுத்துப் பார்க்கிறார். மேற்றோல் மினுமினுக்கின்றது, அடியிலுள்ள கோடுகளும் அழியவில்லை. சப்பாத்தில் ஒரு குறையும் இல்லை, வயதுதான் காரணம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார்.

அம்முடிவு பொருந்துமா என்பதை அறிய, சப்பாத்தின் அகத்தை நோக்குதல் வேண்டும். பாதத்தைத் தாங்குபவை மூன்று அடுக்குகள். பாதத்தைத் தொட்டுக் கிடப்பது உள்விரிப்பு. கடைக்காரர் இதனை இன்சோல் என்பர். தரையைத் தொடுவது அடிப்பாகம். இவ்விரண்டிற்கும் நடுவே, விளையாட்டுச் சப்பாத்துக்களிலும் இன்றைய நடைச் சப்பாத்துக்கள் பலவற்றிலும், நுரையாலான இடையடுக்கு ஒன்று உண்டு. இந்நுரை என்பது காற்றை அடைத்து வைத்த எண்ணிறந்த நுண்ணறைகளின் தொகுதி. கால் பதியும்போது அவை நசுங்குகின்றன. கால் எழும்போது விரிகின்றன. பல இலட்சம் முறை நசுங்கியபின் அறைகளின் சுவர்கள் மடிந்து, மீண்டும் விரிய மாட்டாமற் போகின்றன. அடிப்பாகமோ கடினமான இறப்பர். அது நெடுங்காலம் நிற்கும். ஆகையால் கண்ணுக்குத் தெரியும் பகுதி நன்றாயிருக்க, தெரியாத பகுதி முன்னரே மாண்டுவிடுகின்றது.

ஓட்டக்காரர்களுக்கு 500 முதல் 800 கிலோமீற்றர் வரை என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு. ஓடுபவரின் கால் ஒவ்வோரடியிலும் உடல் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையுடன் தரையில் விழும். நடப்பவர்க்கு அது உடல் நிறையைச் சற்றே கடக்கும். எனவே அக்கணக்கு நிற்பவர்க்கும் நடப்பவர்க்கும் அப்படியே பொருந்தாது. அவர்கள் கிலோமீற்றரை எண்ணுவதை விட்டு, உள்விரிப்பையே கேட்டறிதல் நன்று.

அதனைக் கேட்பது எளிது. உள்விரிப்பை வெளியே எடுத்து, பாதவளைவின் கீழே கிடந்த பகுதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிற் பற்றிப் பார்க்க வேண்டும். அங்கே பாரம் மிகக் குறைவு. ஆகையால் அவ்விடம் ஏறக்குறையப் புதிதாக வாங்கியபோதிருந்த தடிப்பிலேயே இருக்கும். அடுத்து, குதிக்காலின் நடுப்பகுதியை அவ்வாறே பற்ற வேண்டும். பழைய அளவும் புதிய அளவும் ஒரே துண்டிலே கிடைத்துவிடுகின்றன. நமது விற்பனையாளரின் உள்விரிப்பில் வளைவுப் பகுதி 5 மில்லிமீற்றர், குதிப் பகுதி 2 மில்லிமீற்றர். பாதிக்கு மேல் போயிற்று, மாற்ற வேண்டியதே. நகத்தால் அழுத்திய தடம் எழும்பி வாராமல் நிற்பதும், விரல் மூட்டுக்களின் கீழே கரும்பள்ளம் விழுந்திருப்பதும் அதனையே கூறும்.

புறக்கோட்டை நடைபாதைகளில் உள்விரிப்புக்கள் கட்டுக்கட்டாய்த் தொங்குகின்றன. வாங்குவோர் பெருவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருப்பதையே தெரிந்தெடுப்பர். ஏமாற்றம் இங்கேதான். மிக மெதுவான பஞ்சுநுரை விரலுக்கு இதந்தரும். உடலின் பாரத்தின் கீழோ சில வாரங்களில் காகிதமாகிவிடும். அதனை மடித்து இறுகப் பற்றி, பத்து விநாடி வைத்திருந்து, பின் விட்டுப் பார்க்க வேண்டும். மடிப்பு உடனே நிமிருமாயின் கொள்ளலாம். வடு நிற்குமாயின் விட்டுவிடலாம்.

தடிப்பும் கவனிக்கத்தக்கது. பெரியது நல்லதென்று எண்ணிய விற்பனையாளர் முதலில் 8 மில்லிமீற்றர்த் தடிப்புள்ளதை வாங்கினார். பழையதை அகற்றாது அதன் மேலேயே இட்டார். பாதம் மேலே உயர்ந்தது. குதிக்கால் சப்பாத்தின் பின்புற விளிம்பைத் தாண்டி வழுக்கியது. விரல்கள் மேற்றோலில் உராய்ந்து கொப்புளித்தன. பழையதை நீக்கி, அதன் தொடக்கத் தடிப்பாகிய 5 மில்லிமீற்றரிலேயே புதியதை இட்ட பின்னரே கால் அமைந்தது.

வெட்டும் முறை இது. பழைய உள்விரிப்பைப் புதியதன் மேல் குதியோடு குதி பொருந்த வைத்து, பென்சிலால் வரைய வேண்டும். விரற்பக்கத்தை மட்டுமே வெட்டலாம். குதிப்பக்கத்தில் கத்தரி படலாகாது, ஏனெனில் குதிக்காலுக்கென அமைந்த குழிவு இடம் மாறிவிடும். கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, சப்பாத்தினுள் இட்டுப் பார்த்து, முனை சுருளுமாயின் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். குறைத்ததைக் கூட்ட வழியில்லை. பழையது பசையால் ஒட்டப்பட்டிருப்பின், குதிப்பக்கத்திலிருந்து மெல்ல உரித்து, எஞ்சிய பசைக் கட்டிகளைச் சுரண்டிவிட வேண்டும்; ஒரு சிறு கட்டியும் மாலைக்குள் கல்லாய் உறுத்தும். புதியதை ஒட்டாமலே விடுதல் கொழும்புக்கு ஏற்றது. மழை நாளில் நனைந்ததை எடுத்து நிழலில் உலர்த்த அது வசதி தரும்.

உள்விரிப்பை மாற்றியும் ஓரிரு வாரத்தில் பழைய நோவு திரும்புமாயின், இடையடுக்கை ஐயுற வேண்டும். சப்பாத்தை மேசைமேல் வைத்துப் பின்புறமிருந்து பார்த்தால், அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். குதியின் பக்கச் சுவரில் நுண்ணிய கிடைச் சுருக்கங்கள் தெரியும். அதற்கு மாற்று இல்லை. நடைபாதையிற் சப்பாத்துத் தைப்பவரும் உள்ளே புது நுரை வைத்துத்தர இயலாது. சப்பாத்தே புதிதாக வேண்டும். சப்பாத்து மாறியும் நோவு தீராதாயின் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இன்னொரு வகை அழிவு அணியாமலே நேர்வது. கொட்டாஞ்சேனை வீடொன்றின் அலுமாரியில், திருமணத்தன்று மட்டும் அணிந்த சப்பாத்து ஆறாண்டு பெட்டிக்குள் இருந்ததெனக் கொள்ளலாம். அதனை மீண்டும் அணிந்து கோயிற்படி ஏறும்போது அடிப்பகுதி பிட்டுப்போல் உதிர்ந்துவிடுகின்றது. இது போலிச் சரக்கென்று கடைக்காரரைக் குறைகூறுவோர் பலர். பொலியூரெதேன் எனும் நுரைக்குக் காற்றிலுள்ள ஈரமே பகை. நீர் அதன் மூலக்கூற்றுத் தொடர்களை மெல்ல அறுக்கின்றது. கொழும்பின் கடற்காற்றில், மூடிய பெட்டிக்குள், அது விரைந்து நடைபெறும். வெளியே செல்லுமுன் குதியைப் பெருவிரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தால் வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்துவிடும்.

நீரிழிவு நோயாற் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்களின் நிலை வேறு. விற்பனையாளருக்கு நோவு அறிவித்தது, இவர்களுக்கு அறிவிப்பாரில்லை. உள்விரிப்பில் விழுந்த பள்ளத்தின் விளிம்போ, மேலெழுந்த ஆணியோ நாள் முழுதும் தோலை அரைத்துப் புண்ணாக்கியும் அவர்கள் அறியார். ஆகையால் ஒவ்வொரு நாளும் அணியுமுன் கையைச் சப்பாத்தினுள் விட்டு, குதியிலிருந்து விரல்முனை வரை தடவிப் பார்க்க வேண்டும். உள்விரிப்பைத் தாமே தெரிவு செய்யாது வைத்தியரைக் கேட்டு வாங்கவேண்டும். புதியதை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தைக் கண்ணாடியில் நோக்க வேண்டும். ஓரிடம் சிவந்து, அரைமணி கழிந்தும் அச்சிவப்பு மாறாதிருப்பின், அந்த உள்விரிப்பை மறுமுறை அணியாது வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.