சந்தாவும் இருக்கையும்

புணே நகரை அடுத்த போசரியிலும் சாக்கணிலும் உள்ள சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் கணக்கெழுதும் பொறுப்பு நம்மவர் கையில் இருக்கிறது. அவர்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுக் கணக்கும் வந்து சேர்ந்துள்ளது. அதுவே மென்பொருள் உரிமக் கணக்கு.

முன்னாளில் மென்பொருளை ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். 2013-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே தரப்போவதாக அறிவித்தது; 2016-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திற்று. ஆகவே இன்று நாம் வாங்குவது பொருளன்று. ஓராண்டுத் தவணைக்குச் சில இருக்கைகள். ஓர் இருக்கை என்பது பெரும்பாலும் பெயர் குறித்த ஒருவருக்கு உரியது. அதை இருவர் மாறி மாறிப் பயன்படுத்துதல் ஒப்பந்தத்திற்கு முரணாகும்.

ஓர் உதாரணம் காண்போம். பட்டறை ஒன்று வரைபட மென்பொருளுக்கு 12 இருக்கைகள் வாங்கியிருக்கிறது. இருக்கை ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா ரூ.20,000 என்று கொள்வோம். சந்தா மார்ச் 31-இல் முடிகிறது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 9 பெயர்களே உள்ளன. 3 இருக்கைகள் காலி. அந்த 9 பேரில் இருவர் வேலையை விட்டுச் சென்றவர்கள். மற்றொருவர் 90 நாட்களாக அதைத் திறக்கவே இல்லை. அவர் பெயரை உடனே நீக்கிவிடலாகாது. நேரில் கேட்க வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பது மட்டுமே தம் வேலை என்று அவர் சொல்வாராயின், இலவசமாகக் கிடைக்கும் பார்வைச் செயலி அவருக்குப் போதும். எஞ்சுவோர் 6 பேர். புதிதாகச் சேரவிருக்கும் ஒருவரையும் கூட்டினால் 7 இருக்கைகள் வேண்டும். மிச்சமாவது 5 இருக்கைகள், அதாவது ரூ.1,00,000.

ஆனால் இந்த மிச்சம் கைக்கு வருவது தேதியைப் பொறுத்தது. இருக்கைகளைக் குறைக்க 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தம் கூறினால், பதிவேட்டில் எழுத வேண்டிய நாள் மார்ச் 31 அன்று, மார்ச் 1. எண்ணிப் பார்க்கும் வேலை பிப்ரவரி நடுவிலேயே முடிந்திருக்க வேண்டும். அட்டையிலிருந்து பணம் தானே கழியும் ஏற்பாட்டில், ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வரும். அதைக் கண்டு விழித்துக்கொண்டால், ஒப்பந்தக் கெடு கடந்து வெகு நாளாகியிருக்கும்.

புதுப்பித்தல் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதையும் பதிவேட்டில் குறிப்பது அவசியம். விலகிப்போன ஊழியரின் முகவரிக்கு வருமாயின், அதைப் படிப்பார் எவருமில்லை. நிறுவனத்தின் பொது முகவரி ஒன்றே இதற்கு ஏற்றது.

கணக்கு மறுபுறமும் பிழைபடக்கூடும். வாங்கிய இருக்கைகளைக் காட்டிலும் நிறுவிய கணினிகள் மிகுதியாயின், செய்தி சட்டத்தைத் தொடுகிறது. உரிமமற்ற நகல் என அறிந்தே பயன்படுத்துவோருக்குச் சிறையும் அபராதமும் விதிக்கும் 63-பி பிரிவு, பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. எனவே வாங்கியது, பெயரிட்டது, பயன்பட்டது என்னும் மூன்று எண்களையும் ஒரே வரியில் அருகருகே எழுதி வைப்போம். அவற்றுள் வேற்றுமை தோன்றும் இடத்தில்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.