தேயிலைப் பொட்டலமும் பதின்மூன்று இலக்கமும்
(சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



மஞ்சூரில் நான் தேயிலைத் தூள் பொட்டலம் போட்டு விற்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இணையச் சந்தையில் இறங்கிய புதிதில் ஒரு தப்பு செய்தேன். கால் கிலோ பாக்கெட்டுக்கு வாங்கிய பார்கோடு எண்ணையே அரைக் கிலோவுக்கும் போட்டுவிட்டேன். "தூள் ஒண்ணுதானே" என்று நினைப்பு. அரைக் கிலோவுக்குப் பணம் கட்டியவருக்குக் கால் கிலோ போனது. பாதிச் சரக்கு திரும்பி வந்தது.

காரணம் இதுதான். சந்தையின் கம்ப்யூட்டர் நம் பொருளை எண்ணால் அடையாளம் காண்கிறது. நாம் தரும் எண் அதன் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால், புதுப் பக்கம் திறக்காமல் பழைய பக்கத்தோடு நம் சரக்கைச் சேர்த்துவிடும். அதனால் எடை மாறினால் எண்ணும் மாற வேண்டும். இரண்டு பாக்கெட்டைக் கட்டி ஒன்றாக விற்றால் அதற்கும் தனி எண்.

எண்ணின் அமைப்பைப் பாருங்கள். முதலில் 890. 'இந்தியாவில் செய்தது' என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஜி.எஸ். ஒன் இந்தியா அமைப்பு வழங்கியது என்றுதான் அர்த்தம். அடுத்து நிறுவனத்தின் எண், பிறகு பொருளின் எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம்.

மாதிரிக்கு 890123456789 என்று வைப்போம். இடமிருந்து ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடத்து இலக்கங்கள் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டும்? 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு. எனவே கடைசி இலக்கம் 0. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தால் கணக்கு உடனே இடிக்கும்.

ஆனால் எண் யாருடையது என்று இந்தக் கணக்கு சொல்லாது. சில்லறை விலைக்கு எண் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் கணக்குக்குச் சரியாக இருக்கும், உரிமை மட்டும் வேறொரு கம்பெனியின் பேரில் இருக்கும். அப்போது பட்டியலில் பிராண்டு பெயர் ஒத்துவராது. சந்தை நிராகரிக்கும், அல்லது நம் தேயிலை யாரோ ஒருவருடைய பொருளின் பக்கத்தில் போய் உட்காரும். Verified by GS1 என்ற இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள். உங்கள் கம்பெனி பெயர் வந்தால்தான் அந்த எண் உங்களுடையது.

நான் இப்போது ஒரு நோட்டில் எடை, பொட்டல வகை, எண் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைக்கிறேன். புது லேபிள் அச்சுக்குப் போகுமுன் அந்த வரியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். பாதிச் சரக்கு திரும்பி வந்தபிறகு வந்த புத்தி இது. உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கட்டும்.