மூன்று பொருளும் நான்காவது பொருளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்கள் வாழ்வின் பயன் எவை என்று கேட்டால், நம் பெரியோர் அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு சொல்வார்கள். வடமொழியாளர் இவற்றைத் தர்மம், அர்த்தம், காமம், மோட்சம் என்று எண்ணிப் புருஷார்த்தம் எனப் பெயரிட்டனர். ஆனால் நாம் தமிழ்மறை என்று போற்றும் திருக்குறளைத் திறந்து பார்த்தால், அங்கே அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று மூன்று பால்களே உள்ளன. வீட்டுப்பால் என ஒன்று இல்லை. 133 அதிகாரம் வகுத்த புலவர் நான்காவதற்கு ஓர் இடம் ஒதுக்காமல் விட்டது ஏன்?

இக்கேள்விக்கு இளைஞர் சிலர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தமிழர் இவ்வுலக வாழ்வையே பொருளாகக் கொண்டவர். வீடு என்பது பின்னால் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பது அவர்கள் கட்சி. முதியோர் சிலர், நான்கில் ஒன்று குறைந்தமையால் குறளைத் தேவார திருவாசகத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பர். இரு கட்சியும் ஒரே எண்ணத்தின்மேல் நிற்கின்றன: வீடு குறளில் இல்லை என்பதே அவ்வெண்ணம். அது சரிதானா என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில், மூன்று என்னும் எண்ணைப் பார்ப்போம். தொல்காப்பியர் களவியலின் தொடக்கத்தில் இன்பம், பொருள், அறம் என்று மூன்றையே எண்ணுகிறார். அங்கே பேசப்படுவது காதல் ஆதலின் இன்பம் முன்வைக்கப்பட்டது போலும். செய்யுளியலிலும் அறம் முதலாகிய மூன்று என்றே சொல்கிறார். புறநானூற்று 31ஆம் பாட்டில் கோவூர்கிழார் சோழன் நலங்கிள்ளியைப் புகழ்கையில், அவன் குடையின் பின்னே மற்றை இருவேந்தர் குடைகளும் வருவதற்கு ஓர் உவமை சொல்கிறார். பொருளும் இன்பமும் அறத்தின் பின்னே வருவதுபோல் என்பது அவ்வுவமை. கேட்பவர் அறியாத ஒன்றை எவரும் உவமையாக எடுத்தாளமாட்டார். ஆகவே அறம் முன்னே செல்லும், மற்றை இரண்டும் அதன் வழிப்படும் என்பது அக்காலத்து மக்கள் நன்கறிந்த கொள்கை என்று துணியலாம். பல நூற்றாண்டு கழித்து, 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலின் பயனைச் சொல்லும்போது அறம், பொருள், இன்பம், வீடு என நான்கையும் எண்ணுகிறார். இடையில் எண்ணும் முறை மாறியிருக்கிறது.

இதனைக் கொண்டு, மூன்று தமிழருடையது, நான்கு வடவருடையது என்று கோடு கிழித்துவிடக் கூடாது. வடமொழியிலும் பழைய வழக்கு மூன்றே. அதனைத் திரிவர்க்கம் என்றனர். கௌடிலியர் தம் அர்த்தசாஸ்திரத்தில் மூன்றையும் சொல்லி, மற்றை இரண்டிற்கும் வேராதலின் பொருளே தலையாயது என்கிறார். மூன்றில் ஒன்றை அளவு கடந்து பற்றினால் அது தன்னையும் மற்றை இரண்டையும் கெடுக்கும் என்றும் எச்சரிக்கிறார். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தைத் தொடங்கும்போது வணங்குவதும் அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றையே. ஆகவே மூன்றென எண்ணியது இரு மொழிக்கும் பொதுவான பழமை. இரு மரபும் பிரிவது, நான்காவதை எங்கே வைப்பது என்னும் இடத்திலேதான்.

மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் ஒரு வாதம் வருகிறது. பாண்டவர் ஐவரும் விதுரரும் கூடியிருந்து, இவற்றுள் சிறந்தது எது என்று பேசுகிறார்கள். விதுரர் அறம் என்கிறார். அருச்சுனன் பொருள் என்கிறான். நகுலனும் சகதேவனும் அறத்தோடு கூடிய பொருளைச் சொல்கிறார்கள். வீமன் இன்பம் என்கிறான். எல்லாருக்கும் பின்னர்ப் பேசிய தருமர், அறம் பொருள் இன்பம் மூன்றிலும் பற்றற்றவனே விடுதலை பெறுவான் என்று முடிக்கிறார். இங்கே வீடு மற்றை மூன்றுக்கும் எதிரே, அவற்றை விட்டு நீங்குவதாக நிற்பதைக் காண்க. வடமொழி மரபு முழுவதும் இப்படியே சொல்லிற்று என்பது என் கருத்தன்று. நான்காவதை மூன்றுக்கு அப்பால் தனியே நிறுத்தும் நோக்கு இவ்விடத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதே நான் சொல்வது.

இனித் திருக்குறளுக்கு வருவோம். இந்நூலுக்குப் பரிமேலழகர் செய்த உரையை நம் யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் அவர்கள் பரிசோதித்து 1861ஆம் ஆண்டில் அச்சிட்டார்கள். அவ்வுரையின் பாயிரத்திலேயே நம் கேள்விக்கு விடை இருக்கிறது. வீடு என்பது சிந்தைக்கும் மொழிக்கும் எட்டாத நிலை. அதனை இத்தன்மைத்து என்று நூலால் எடுத்துச் சொல்ல இயலாது. அதற்குக் காரணமாகிய துறவைச் சொல்லும் வழியாகவே அதனைச் சொல்ல முடியும் என்பது அவர் கருத்து. ஆகவே நூலால் விரித்துச் சொல்லத் தக்கவை மூன்றே. வீட்டுப்பால் இல்லாமை மறுப்பினால் ஆயதன்று. சொல்லின் எல்லை அறிந்து நின்றதனால் ஆயது. அறன் வலியுறுத்தல் அதிகாரத்துக்கு முன்னுரை கூறும்போது அவர் மேலும் ஒன்று சொல்கிறார். பொருளும் இன்பமும் போலன்றி, இம்மை, மறுமை, வீடு என்னும் மூன்றையும் தரவல்லது அறம் ஒன்றே. ஆதலால் அதுவே வலியுடையது என்பது அவர் கூற்று. அப்படியானால் வீடு நான்காவது வரிசையில் நிற்கவில்லை. முதலாவதாகிய அறத்தின் உள்ளேயே அதன் வழி தொடங்குகிறது.

இது உரைகாரர் கற்பனைதானா, நூலிலேயே உள்ளதா என்று கேட்கலாம். நூலின் அமைப்பைப் பார்ப்போம். அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள். பாயிரம் 4, இல்லறம் 20, துறவறம் 13, ஊழ் 1. இத்துறவறப் பதின்மூன்றைப் பரிமேலழகர் விரதம், ஞானம் என இரண்டாகப் பிரிக்கிறார். நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் என்னும் நான்கும் ஞானம். பிறப்பறுதலைப் பற்றிய பேச்சு இவற்றில் வெளிப்படையாகவே வருகிறது. வீட்டைப் பற்றி வள்ளுவர் அறியாதவர் அல்லர் என்பதற்கு இதுவே போதும். இந்நான்கிற்கும் முன்னே விரதம் என்னும் ஒன்பது அதிகாரங்கள் உள்ளன. அருளுடைமை, புலால் மறுத்தல், தவம், கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை என்பன அவை. இவற்றுள் பெரும்பாலானவை பிற உயிர்களிடத்து ஒருவன் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியவை. வீட்டை நாடுவோன் மெய்யுணர்விற்கு முன் கடக்க வேண்டிய வாயில் அருள் என்றே நூல் வகுத்திருக்கிறது.

அந்த அருள் எங்கிருந்து வருகிறது? இதற்கு விடை துறவறத்தில் இல்லை. பொருட்பாலில், பொருள் செயல்வகை என்னும் 76ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்பு என்னும் தாய் பெற்ற குழந்தை அருள். அக்குழந்தையை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம் என்று அங்கே ஓர் உருவகம் வருகிறது. இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அன்புடைமை இல்லறத்தின் அதிகாரம். மனைவி, மக்கள், சுற்றத்தார் என்று தொடர்புடையாரிடத்துத் தோன்றுவது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள். அது துறவறத்தின் முதல் அதிகாரம். அன்பு அருளாக வளர்வதற்கு நடுவே பொருள் வேண்டியிருக்கிறது. தன் பிள்ளைக்குச் சோறூட்டுபவன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பசியையும் ஆற்ற நினைக்கலாம். அந்நினைப்பு செயலாவதற்கு அவன் குதிரில் நெல் இருக்க வேண்டும். இல்லறம், பொருள், துறவறம் என்னும் மூன்றும் இந்த ஒரு குறளில் தாய், செவிலி, குழந்தையாகச் சேர்ந்துவிட்டன.

ஆனால் எந்தப் பொருளும் செவிலியாகிவிடாது. அதே அதிகாரத்திலேயே அதன் இலக்கணம் உள்ளது. திறன் அறிந்து தீதின்றி வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும். அருளும் அன்பும் கூடாமல் வந்த செல்வத்தை ஏற்காமல் விட்டுவிட வேண்டும். வினைத்தூய்மை அதிகாரம் இன்னும் கடுமையானது. பெற்ற தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது. வஞ்சனையால் சேர்த்த பொருளைக் காப்பது, சுடாத மட்கலத்தில் நீரை ஊற்றிக் காப்பது போன்றது என்கிறது. சுடாத கலத்தில் நீர் மட்டும் போவதில்லை, கலமும் கரைந்துபோகிறது. பொருளோடு அதை ஈட்டியவனும் கெடுவான் என்பது உவமையின் நுட்பம்.

பொருள் வழிதவறுவது போலவே துறவும் வழிதவறும். கூடாவொழுக்கத்தில், மனத்தை அடக்காமல் தவவேடம் மட்டும் பூண்டவனை, புலித்தோல் போர்த்துப் பிறர் பயிரை மேயும் பசுவுக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். அத்தகையோனை எப்படிக் கண்டறிவது? அம்பு நேரானது, செயல் கொடியது. யாழின் தண்டு வளைந்தது, இசை இனியது. அதுபோல வேடத்தை விட்டுச் செயலைப் பார் என்கிறார். இல்வாழ்க்கை அதிகாரத்தில், அறத்தின் வழி இல்லறம் நடத்துபவனுக்கு வேறு நெறியில் போய்ப் பெறுவது என்ன இருக்கிறது என்று கேட்டவரும் அவரே. பிறரையும் நல்வழியில் நிறுத்தித் தானும் அறம் தவறாத இல்லறத்தானின் பொறுமை, தவம் செய்வாரின் பொறுமையினும் பெரிது என்றும் அங்கே சொல்கிறார்.

இன்பத்தைப் பற்றி ஒரு சொல். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவு 7, கற்பு 18. எஞ்சிய 18 முழுவதும் மணந்த இருவரின் பிரிவும் ஏக்கமும் ஊடலும் ஆகும். ஒருவருக்காக ஒருவர் உருகக் கற்கும் இடம் அது. அன்பு பிறக்கும் வீட்டுக்கு வாயில் அதுவே. அருளைப் பெற்ற தாய் பிறந்தது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்; இது உரைகாரர் சொன்னதன்று, என் துணிபு.

இப்போது இரு கட்சியாருக்கும் விடை கூறலாம். இளைஞர்களே, வீடு குறளுக்கு வெளியே இல்லை. பிறப்பறுதலைச் சொல்லும் நான்கு அதிகாரங்களை விலக்கிவிட்டு இந்நூலைப் படிக்க முடியாது. பெரியோர்களே, வீட்டுக்கு நான்காவது பால் வேண்டியதில்லை. இன்பத்தில் தோன்றும் அன்பு, தீதற்ற பொருளால் வளர்ந்து, அருளாகி, மெய்யுணர்வில் சென்று சேரும் வழியை மூன்று பாலும் சேர்ந்தே காட்டுகின்றன. சாந்தி பருவத்துத் தருமர் மூன்றையும் விட்டு வீட்டை நாடினார். வள்ளுவர் காட்டும் வழியில், மூன்றையும் செவ்வனே நடத்தியவனுக்குத் துறவு தன்னால் கனிகிறது. பழுத்த பழம் காம்பிலிருந்து கழல்வதும், காயைப் பறிப்பதும் ஒன்றல்ல.

ஆகவே நம்முள் ஒருவன் வீட்டுநெறியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று அறிய விரும்பினால், அவன் கோயிலில் நின்ற நேரத்தை மட்டும் எண்ண வேண்டாம். அவன் கணக்கேட்டைப் பார்க்கலாம்: பொருள் எவ்வழி வந்தது, தன் வீட்டு வாசலுக்கு வெளியே எவ்வளவு சென்றது என்று. செவிலி குழந்தைக்குப் பாலூட்டினாளா என்பதற்கு அதுவே சான்று.