சீட்டு இல்லாத செலவும் கணக்கில் வரும்

(கிராண்ட்பாஸ் காரியாலயத்தில் தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்காக நடந்த வகுப்பில், கணக்குக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இரவு மெயிலில் தூக்கமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற கூட்டத்துக்கு வந்துபோன ஒரு தலைவர், சட்டைப்பையிலிருந்து ஒரு கைப்பிடி துண்டுகளை மேசையில் கொட்டிவிட்டு, "எல்லாம் இதில இருக்கு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்க" என்றார். அதில் பாதியில் எழுத்தே இல்லை. ரயில் சீட்டைக் கோட்டை ஸ்டேசன் வாசலில் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் எதுவும் தரவில்லை. அவர் ஒரு சதமும் எடுத்தவர் அல்ல. ஆனால் தோட்டத்தில் பேச்சு வேறு விதமாகப் போனது. அந்தப் பேச்சை நிறுத்த நம்மிடம் ஒரு தாளும் இல்லை. அதற்குத்தான் இந்த வகுப்பு.

1921இல் ஒழிக்கப்படும் வரை, நம் பாட்டன்மாரின் கடன் கங்காணியின் கணக்கிலும் 'துண்டு'ச் சீட்டிலும் இருந்தது. எழுதியவருக்கு மட்டுமே அது புரியும். இன்று சம்பளத் துண்டில் சந்தாப் பணம் பிடிபடுவதை ஒவ்வொருவரும் பார்க்கிறோம். பிடித்த பணம் எங்கே போனது என்பதும் அதே அளவுக்குத் தெரிய வேண்டும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி, கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சங்கப் பணத்தை எந்தெந்தக் காரியங்களுக்குச் செலவிடலாம் என்பதையும் அந்தச் சட்டம் சொல்கிறது. நிர்வாகம், வழக்கு, தொழிற்பிணக்கு, அங்கத்தவர் உதவி என்று நம் படிவத்தில் இருக்கும் தலைப்புகள் அங்கிருந்து வந்தவை.

இப்போது ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்துத் தலைவி ஒருவர், அங்கத்தவர் ஒருவரின் வழக்குப் பத்திரங்களோடு இங்கே வருகிறார். முற்பணம் 5,000 ரூபாய். தொகைகளும் விதியின் எல்லைகளும் கணக்குச் சொல்லித்தருவதற்காக நாம் வைத்தவை. இன்றைய கட்டணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு ஆட்டோ 900, சீட்டு இல்லை. ரயில் 400, சீட்டை வாசலில் கொடுத்துவிட்டார். கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஆட்டோ 560, ரசீது தொலைபேசியில் இருக்கிறது. ஆமர் வீதிக் கடையில் 1,450க்கு ஒரு சிட்டை. போட்டோ பிரதி 180, கையால் சிங்களத்தில் எழுதிய சிட்டை. திரும்பிப்போக பஸ் 950, மெசின் டிக்கெட். இரவில் ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ 1,200, அதற்கும் சீட்டு இல்லை.

முதல் வேலை, துண்டுகளைச் செலவு செய்த நாள், நேரப்படி அடுக்கி, வெள்ளைத் தாளில் ஒட்டி, 1, 2, 3 என்று எண் போடுவது. மெசின் டிக்கெட்டின் எழுத்து சூடு பட்டால் போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். ஆனால் படமும் துண்டும் ஒரே செலவு, இரண்டுக்கும் ஒரே எண்தான். இருவர் ஒரே ஆட்டோவில் வந்து இருவரும் கணக்கில் போட்டதையும் பார்த்திருக்கிறோம். சிங்களச் சிட்டைக்குப் பக்கத்தில் என்ன வாங்கினோம் என்று தமிழில் எழுதுங்கள். சிட்டையின் மேல் எதையும் திருத்த வேண்டாம். 03/04 என்று இருந்தால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பட்டியலில் மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

சீட்டு இல்லாத மூன்றுக்கும் எண் உண்டு. துண்டு ஒட்டும் இடத்தில் நாள், எங்கிருந்து எங்கே, எவ்வளவு, ஏன் சீட்டு இல்லை என்று எழுதி ஒப்பம் வையுங்கள். கூட வந்தவர் இருந்தால் அவரும் வைக்கட்டும். தெரிந்த கடையில் வெற்றுச் சிட்டை வாங்கி நிரப்புவது மட்டும் வேண்டாம். சீட்டு இல்லை என்று எழுதிய செலவைக் கமிட்டி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பொய்ச் சிட்டை ஒன்று அகப்பட்டால், மற்ற ஆறும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

அடுத்து, ஒரு எண்ணுக்கு ஒரு வரி. மொத்தத் தொகை ஒரு நிரலில். அதே தொகை பயணம், சாப்பாடு, வழக்கு என்று அதனதன் தலைப்பின் கீழ் மறுபடியும். கடைச் சிட்டை 1,450ஐப் பார்த்தால், அதில் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் 300 இருக்கிறது. அதில் தப்பில்லை, கொழும்புக்கு வந்து வெறுங்கையோடு யார் வீட்டுக்குப் போவது? அந்த 300ஐப் பேனாவால் வட்டமிட்டு, 'சொந்தச் செலவு' என்று பட்டியலில் கழித்துக் காட்டுங்கள். சாப்பாடு 1,150 மட்டும். போட்டோ பிரதி வழக்குக்கானது, அதைக் காரியாலயச் செலவில் போடக்கூடாது. வருட முடிவில் வழக்குக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் அந்த 180உம் அங்கே நிற்க வேண்டும்.

கூட்டுவோம். பயணம் 4,010, சாப்பாடு 1,150, வழக்கு 180, எல்லாம் 5,340. வரிவரியாக மொத்த நிரலைக் கூட்டினாலும் 5,340 வர வேண்டும். நம் தலைவிக்கு முதலில் தலைப்புகளின் பக்கம் 5,430 வந்தது. வித்தியாசம் 90. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்று தேடுங்கள். தேடினோம், ஆட்டோ 560ஐப் பயணத்தின் கீழ் 650 என்று எழுதியிருந்தார். ஆனால் இரு பக்கமும் சரியாக வந்தது என்பதற்காக எல்லாம் சரி என்றும் ஆகாது. இரு நிரலிலும் ஒரே தவறான தொகையை எழுதினால் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குத் துண்டையும் வரியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக விதிவிலக்கு. தோட்டத்துக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஆட்டோவுக்கு 900 வரை என்பது விதி என்று வைப்போம். இரவில் 1,200 கொடுத்திருக்கிறார். இங்கே இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் 900 என்று எழுதிவிட்டுக் கைக்காசை இழக்கிறார்கள். சிலர் மிச்ச 300ஐச் சாப்பாட்டில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். கொடுத்தது 1,200 என்றே எழுதுங்கள். கீழே தனியாக, 'எண் 7: விதி 900, கூடியது 300, இரவு கடைசி பஸ் போய்விட்டது' என்று காரணத்தைச் சொல்லுங்கள். தீர்மானிப்பது கமிட்டி. எந்தத் திகதியில் யார் அனுமதித்தார்கள் என்பது அந்த வரியிலேயே எழுதப்பட வேண்டும். மாதாமாதம் பல தோட்டங்களிலிருந்து இதே விதிவிலக்கு வந்தால், தவறு தலைவர்மாரிடம் இல்லை, 900 என்ற விதி பழையதாகிவிட்டது என்று நமக்கே தெரியும். சாப்பாட்டுக்குள் ஒளித்து வைத்தால் அது எந்தக் காலத்திலும் தெரியவராது.

ஆக, அறிக்கையின் அடியில் இப்படி நிற்கும். துண்டு உள்ளது 2,840. ஒப்பத்தோடு சொன்னது, விதிக்குள் 2,200. இரண்டும் சேர்ந்து 5,040. முற்பணம் 5,000 போக, தலைவிக்கு இப்போதே 40 ரூபாய் கொடுக்க வேண்டும். விதிவிலக்கு 300 கமிட்டியின் முடிவுக்கு நிற்கிறது. அனுமதித்தால் அதுவும் சேரும்.

இந்தத் தாளில் ஒரு பிரதி தோட்டக் கமிட்டிக்குப் போகிறது. கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள், பிஸ்கட் உட்பட. இப்போது படிவமும் பசையும் வருகின்றன. நேற்று இரவு தோட்டத்திலிருந்து கிளம்பியது முதல் இன்று காலை தேத்தண்ணி வரை உள்ள துண்டுகளை வெளியே எடுங்கள். ரயில் சீட்டைக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் அந்த வரியை எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்பம் வாங்குங்கள்.