ஆப் போயிருச்சு, ஃபோல்டர் போகல

போன வாரம் நம்ம வீட்டுப் போன்கள்ல இருக்கிற பழைய குப்பையைப் பத்திப் பேசறேன்னு சொல்லியிருந்தேன். மொத்தக் குப்பையையும் ஒரே எபிசோட்ல அள்ள முடியாது. அதனால இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு: ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணின பிறகும் இன்டெர்னல் ஸ்டோரேஜ்ல உட்கார்ந்திருக்கிற அதோட ஃபோல்டர்.

பொங்கலுக்கு ஆமத்தூர் போயிருந்தேன். விருதுநகர்ல இருந்து சிவகாசி போற வழியில, பட்டாசு ஆலைகளுக்கு நடுவுல இருக்கிற ஊர். அங்க என் மாமா தீபாவளி நேரத்துல பட்டாசுக் கடை போடுவார். அவர் போன் 2018ல வாங்கினது, 32 ஜிபி, ஆண்ட்ராய்டு 9. அதுக்கு மேல அப்டேட் வரல. "மாப்ள, ஒரு போட்டோ எடுக்க விட மாட்டேங்குது. எடம் இல்லைங்குது. நான் என்ன அவ்வளவா வச்சிருக்கேன்?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டேன். சிஸ்டத்துக்கு 8 ஜிபி, ஆப்கள் எல்லாம் சேர்த்து 9, கேமரா போட்டோக்கள் மூன்றரை, வாட்ஸ்அப் ஒரு 4. மீதி 6 ஜிபிக்கு மேல எங்கயோ ஒளிஞ்சிருக்கு. கேலரியில தேடினா ஒண்ணும் தெரியல.

Files by Google ஆப்ல Internal storage-ஐத் திறந்து ஒவ்வொரு ஃபோல்டரா அளவு பார்க்கலாம், ஆனா கை வலிக்கும். லேப்டாப் இருந்ததால கேபிளைப் போட்டு, போன்ல USB debugging-ஐ ஆன் பண்ணி, இதை அடிச்சேன்:

```
adb shell
cd /sdcard
du -sk * .[!.]* | sort -n
```

ஒவ்வொரு ஃபோல்டரும் எத்தனை கிலோபைட்னு, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசையா வரும். புள்ளியில ஆரம்பிக்கிற மறைஞ்ச ஃபோல்டர்களும் சேர்ந்து வரும், அந்த ரெண்டாவது பாதி அதுக்காகத்தான். கடைசி வரியில 6.3 ஜிபியோட ஒரு ஃபோல்டர் நின்னுச்சு. பேர் சொல்ல வேணாம். போனுக்குப் போன் ஃபைல் அனுப்புற ஒரு ஆப்.

ஞாபகம் இருக்கா? 2020 ஜூன் 29 அன்னிக்கு மத்திய அரசு 59 ஆப்களைத் தடை பண்ணுச்சு. டிக்டாக், யூசி பிரவுசர், ஷேர்இட், செண்டர், கேம்ஸ்கேனர் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி குடும்ப குரூப் எல்லாத்துலயும் "உடனே டெலீட் பண்ணுங்க"ன்னு மெசேஜ் பறந்துச்சு. மாமாவும் பண்ணிட்டார். ஐகான் போச்சு. இத்தனை வருஷமா அதோட ஃபோல்டர் அங்கேயே இருக்கு.

"டெலீட் பண்ணினா எல்லாமே போயிரணும்ல?" அத்தை கேட்டாங்க. போகாது. ஏன்னு சொல்றேன்.

ஒரு ஆப்புக்கு ஆண்ட்ராய்டு ரெண்டு இடம் ஒதுக்கும். ஒண்ணு நம்ம கண்ணுக்கே தெரியாத உள் அறை: லாகின், செட்டிங்ஸ், டேட்டாபேஸ் எல்லாம் அங்க. இன்னொண்ணு `Android/data`-க்குள்ள அந்த ஆப்போட பேக்கேஜ் பேர்ல இருக்கிற ஃபோல்டர். அன்இன்ஸ்டால் பண்ணும்போது இந்த ரெண்டையும் சிஸ்டமே துடைச்சிடும், ஏன்னா அது யாரோடதுன்னு பேர்லயே எழுதியிருக்கு. ஆனா பழைய ஆண்ட்ராய்டுல, ஸ்டோரேஜ் பெர்மிஷனுக்கு நாம ஒரு தடவை Allow கொடுத்துட்டா, அந்த ஆப் பொதுவான இடத்துல எங்க வேணாலும் ஃபோல்டர் போடலாம். பொது இடத்துல போட்ட ஃபோல்டர் யாரு போட்டதுன்னு சிஸ்டம் எழுதி வைக்கல. கோயில் மண்டபத்துல யாரோ வச்சுட்டுப் போன பை மாதிரி. காவலாளி அதை எப்படித் தூக்கிப் போடுவார்? உள்ள யாரோட நகை இருக்கோ.

இது ஆண்ட்ராய்டோட சோம்பேறித்தனம்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். மாமா போன்ல அந்த ஃபோல்டரைத் திறந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரல.

உள்ள 4.2 ஜிபி வீடியோ. பாதி பழைய சினிமா. மீதி, ஏஜென்ட்டுகள் ஒவ்வொரு தீபாவளிக்கும் அனுப்பின ஃபேன்சி வெடி டெமோ வீடியோக்கள். கடைக்கு வர்றவங்க "இது மேல போய் எப்படி வெடிக்கும்?"னு கேட்டா இதைத்தான் காட்டுவாராம். 1.4 ஜிபி வெறும் apk, அதாவது யாரோ அனுப்பின ஆப்களோட இன்ஸ்டாலர் ஃபைல்கள். அப்புறம் அரை ஜிபி போட்டோ. அதைத் திறந்ததும் அத்தை என் கையில இருந்து போனை வாங்கிட்டாங்க. அவங்க பொண்ணு வளைகாப்பு. சித்தப்பா தன் போன்ல எடுத்து இந்த ஆப் வழியாத்தான் அனுப்பியிருக்கார். சித்தப்பாவோட அந்தப் போன் பிறகு கிணத்துல விழுந்துருச்சு. உலகத்துலயே இருக்கிற ஒரே காப்பி இதுதான். அதோட கடை லைசன்ஸுக்காக வரைஞ்ச வரைபடத்தோட போட்டோவும் அங்கதான் கிடந்துச்சு.

ஒரு க்ளீனர் ஆப் போட்டிருந்தா? அதுல பலதும் வச்சிருக்கிறது ஒரு பட்டியல். இந்தப் பேர்ல ஃபோல்டர் இருக்கு, அந்த ஆப் போன்ல இல்ல, அதனால 'மிச்சக் குப்பை'ன்னு காட்டும். ஒரே தட்டுல வளைகாப்பும் போயிருக்கும்.

சரி, கேலரியில ஏன் தெரியல? அந்த ஃபோல்டருக்குள்ள `.nomedia`-ன்னு ஒரு காலி ஃபைல் இருந்துச்சு. அந்தப் பேர்ல ஒரு ஃபைல் இருந்தா, அந்த ஃபோல்டரையும் அதுக்குள்ள இருக்கிறதையும் மீடியா ஸ்கேனர் தாண்டிப் போயிரும். கேலரியும் காட்டாது. அதனால "கேலரியில ஒண்ணும் இல்ல, அழிச்சுடலாம்"கிற முடிவு செல்லாது. ஃபைல் மேனேஜர்லதான் திறந்து பார்க்கணும், மறைஞ்ச ஃபைல்களைக் காட்டுற செட்டிங்கை ஆன் பண்ணிட்டு.

நாங்க செஞ்ச வரிசை இதுதான். முதல்ல மொத்த ஃபோல்டரையும் லேப்டாப்புக்குக் காப்பி எடுத்தேன்:

```
adb pull /sdcard/FOLDER_NAME ./mama_phone
```

ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை சரியான்னு பார்த்தேன். கேபிள் லூஸ் ஆகி பாதியில நின்னா, பல நேரம் இந்த எண்ணிக்கையிலதான் மாட்டும். அப்புறம் வளைகாப்பு போட்டோ, வரைபடம் ரெண்டையும் `Pictures` ஃபோல்டருக்கு மூவ் பண்ணினேன். காப்பி இல்ல, மூவ். இடமே இல்லாத போன்ல காப்பி பண்ணினா பாதியில நின்னுரும். ஒரே ஸ்டோரேஜுக்குள்ள மூவ் பண்றதுக்குக் கூடுதல் இடம் வேண்டாம். கேலரியில உடனே வரல. போனை ஒரு தடவை அணைச்சுப் போட்டதும் வந்துச்சு.

apk எல்லாத்தையும் யோசிக்காம அழிச்சேன். மாமா பதறினார், "அய்யோ, பேங்க் ஆப் போயிருமா?" போகாது. apk ஃபைல்ங்கிறது பட்டாசுப் பெட்டி மாதிரி, உள்ள இருந்ததை எடுத்து எப்பவோ இன்ஸ்டால் பண்ணியாச்சு. பெட்டியைத் தூக்கிப் போட்டா இன்ஸ்டால் ஆன ஆப்புக்கு ஒண்ணும் ஆகாது.

மீதி ஃபோல்டரை உடனே அழிக்கல. `zz_old`-ன்னு பேர் மாத்தி வச்சேன். இது நான் வேலை பார்க்கிற இடத்துல கத்துக்கிட்ட பழக்கம். பேர் மாத்தினதும் அதை நம்பியிருக்கிற ஏதாவது ஆப் இருந்தா கத்தும், இல்லன்னா பழைய பேர்லயே புதுசா ஒரு ஃபோல்டர் முளைக்கும். ஊர்ல இருந்த நாலு நாள்ல ரெண்டும் நடக்கல. கிளம்புற அன்னிக்கு அழிச்சேன்.

அழிச்சதும் மாமா ஸ்டோரேஜைப் பார்த்துட்டு, "எங்க மாப்ள, அப்படியேதான இருக்கு?"ன்னார். எனக்கும் ஒரு செகண்ட் திக்னு இருந்துச்சு. Files by Google-ல அழிச்சா நேரா போகாது, Trash-ல 30 நாள் இருக்கும். அதுவரைக்கும் இடத்தையும் அடைச்சிட்டுத்தான் இருக்கும். Trash-ஐக் காலி பண்ணின பிறகுதான் 5.8 ஜிபி கிடைச்சுது. உடனே வாசல்ல படுத்திருந்த நாயை ஒரு போட்டோ எடுத்தார்.

சிலருக்கு நான் சொன்ன மாதிரி பேர் மாத்தினதும் ஃபோல்டர் திரும்ப முளைக்கும். `.UTSystemConfig`, `.DataStorage` மாதிரி பேர்கள் பார்த்திருக்கீங்களா? இது ஒரு ஆப்போட ஃபோல்டர் இல்ல. அலிபாபா குழுமத்தோட ஒரு எஸ்டிகே போடுறது, அதைச் சேர்த்துக்கிட்ட எந்த ஆப்பும் போடலாம். போனுக்கு ஒரு அடையாள எண்ணை அங்க எழுதி வச்சிடும். ஆப்பை எடுத்துட்டு நாளைக்குத் திரும்பப் போட்டாலும் அதே போன்தான்னு கண்டுபிடிக்கத்தான் பொது இடத்துல எழுதுறாங்க. அளவு சில கிலோபைட்தான், இடம் மிச்சமாகாது. ஆனா அழிச்ச மறுநாள் திரும்ப வந்தா, எழுதுறவன் இன்னும் போன்ல இருக்கான்னு அர்த்தம். `adb shell pm list packages -3` அடிச்சா நாம போட்ட ஆப்கள் மட்டும் பட்டியலா வரும். சந்தேகப்படுற ஆப்போட ஸ்டோரேஜ் பெர்மிஷனைப் பிடுங்கிட்டு, ஃபோல்டரை அழிச்சுட்டுப் பாருங்க. ஒண்ணொண்ணாப் பண்ணினாதான் ஆள் மாட்டும்.

"எங்கிட்ட புதுப் போன், எனக்கு இது வராது"ன்னு சொல்றவங்களுக்கு: ஓரளவு உண்மை. ஆண்ட்ராய்டு 10ல ஸ்கோப்டு ஸ்டோரேஜ் வந்துச்சு, 11ல அது கண்டிப்பாச்சு. 2021 முடியறதுக்குள்ள பிளே ஸ்டோர் புது ஆப், அப்டேட் ரெண்டுக்கும் ஆண்ட்ராய்டு 11ஐக் குறி வைக்கணும்னு சொல்லிருச்சு. அதனால கண்ட இடத்துல ஃபோல்டர் போடறது குறைஞ்சிருக்கு. ஆனா `Download`, `Documents`, `Pictures` உள்ள இன்னும் போடலாம், அன்இன்ஸ்டாலுக்கு அப்புறம் அங்கேயே இருக்கும். All files access கொடுத்துட்டீங்கன்னா பழைய கதைதான். பழைய போன்ல இருந்து எல்லாத்தையும் புதுசுக்கு மாத்தினவங்க குப்பையையும் சேர்த்தே கொண்டு வந்திருப்பீங்க. வாட்ஸ்அப்பையும் பாருங்க. ஆண்ட்ராய்டு 11ல இருந்து அது `Android/media/com.whatsapp` உள்ள போயிருச்சு. வெளியில இன்னொரு `WhatsApp` ஃபோல்டர் இருந்தா அது பழைய வீடு. ஆனா அதுலயும் பழைய போட்டோ தங்கியிருக்கலாம், அதனால திறந்து பார்க்காம கை வைக்காதீங்க.

ஒண்ணு மறந்துட்டேன். `Alarms`, `Ringtones`, `Podcasts`-னு காலி ஃபோல்டர்கள் இருக்கும், அது எந்த ஆப்போட மிச்சமும் இல்ல, ஆண்ட்ராய்டே போடுறது. அழிச்சாலும் ஒரு எம்பி கூட மிச்சமில்ல. நீங்க `Podcasts`-ஐ அழிச்சா மட்டும் நான் தனிப்பட்ட முறையில வருத்தப்படுவேன்.

வளைகாப்பு போட்டோ பென் டிரைவ்ல ஒரு காப்பி, என் லேப்டாப்ல ஒரு காப்பி இருக்கு. வெடி வீடியோ எல்லாத்தையும் அடுத்த தீபாவளிக்குள்ள அனுப்பிடணும்னு மாமா ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். இந்த வாரம் அனுப்பிடறேன் மாமா. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.